ரெண்டு ஜெனரேட்டரை ஜோடி சேர்க்கப் போறீங்களா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 82.5 கேவிஏ ஒண்ணு, 40 கேவிஏ ஒண்ணு இருக்கு. ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணி ஒரே பஸ்பார்ல போட்டா லோடு தானா பிரிஞ்சுக்கும்தானே?

பதில்: பிரியாது. போட்ட நொடியில வைண்டிங்கோ கப்ளிங்கோ ஏதாவது ஒண்ணு பிரியும். சேஞ்ச்ஓவரை வச்சு ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓட்டுங்க.

கேள்வி: எங்க மண்டபத்துல ரெண்டு 125 கேவிஏ செட், பேரலல்ல ஓடுது. முகூர்த்த நேரத்துல 120 கிலோவாட் வரைக்கும் பிரச்சனையே இல்ல. ராத்திரி ஏசியை நிறுத்தி லோடு 20 கிலோவாட்டுக்கு வந்ததும் ரெண்டாவது செட் ரிவர்ஸ் பவர்னு டிரிப் ஆகுது. பேனல் வித்தவர் ரிலே சரியில்ல, வயரைக் கழட்டி விட்டுடலாம்ங்கறார்.

பதில்: கழட்ட விடாதீங்க. காசு வாங்கின ஆளு தன் வேலையை முடிக்காம உங்க காவல்காரனை வேலையை விட்டுத் தூக்கச் சொல்றார், அவ்வளவுதான். உங்க மேல தப்பு இல்ல.

டீசல் செட் எவ்ளோ லோடு எடுக்கணும்ங்கறதை கவர்னர்தான் முடிவு பண்ணுது. ட்ரூப் முறையில லோடு ஏற ஏற ஹெர்ட்ஸ் கொஞ்சம் இறங்கும், உங்க 125 கேவிஏ, அதாவது 100 கிலோவாட் செட்டுல ஃபுல் லோடுக்கு 2 ஹெர்ட்ஸ் இறங்குற மாதிரி வச்சிருக்காங்கன்னு வைங்க. லோடு இல்லாதப்ப முதல் செட் 52ல ஓடுது, ரெண்டாவதை யாரோ 51ல விட்டுட்டாங்க. பேரலல்ல சேர்ந்துட்டா ரெண்டுக்கும் ஒரே ஹெர்ட்ஸ்தான், அதனால 120 கிலோவாட் லோடுல ரெண்டும் 50.3ல நிக்கும், முதல் செட் 85, ரெண்டாவது 35. சமமா இல்லன்னாலும் யாரும் கவனிக்க மாட்டாங்க. ராத்திரி லோடு 20க்கு வந்ததும் ஹெர்ட்ஸ் 51.3க்கு ஏறும். ரெண்டாவது செட்டோட கவர்னருக்கு 51க்கு மேல டீசல் கொடுக்கவே பிடிக்காது, உடனே மூடிக்கும். ஆனா சுத்துறது நிக்காது, முதல் செட் 35 கிலோவாட் கொடுத்து, அதுல 15ஐ இந்த எஞ்சினை மோட்டார் மாதிரி இழுத்துச் சுத்தவே செலவழிக்கும். ரிலே 10 கிலோவாட்டுல, சில செகண்ட் தாமதத்தோட வச்சிருந்தா டிரிப் ஆகத்தான் செய்யும். அது தன் வேலையைச் சரியா செஞ்சிருக்கு.

ஒவ்வொரு செட்டையும் தனியா, லோடு இல்லாம ஓட்டி ஹெர்ட்ஸ் பாருங்க. வித்தியாசம் இருந்தா ஒரே அளவுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, அப்புறம் ஒரே லோடுல தனித்தனியா ஓட்டி ரெண்டும் ஒரே அளவு இறங்குதான்னும் பாருங்க. லோடு குறையும்போது டிரிப் ஆனா பெரும்பாலும் கவர்னர் செட்டிங்தான். லோடு ஏறும்போது ரிவர்ஸ் பவர்னு டிரிப் ஆனா கரண்டை அளந்து ரிலேக்குச் சொல்ற சிடியோட வயரைத் தலைகீழா மாட்டியிருக்கலாம். தனியா ஓடினாலும் லோடு எடுக்க முடியாம திணறினா டீசல் ஃபில்டரைப் பாருங்க.

இன்னொண்ணு, 20 கிலோவாட்டுக்கு ரெண்டு செட் எதுக்கு ஓடணும்? லோடு குறைஞ்சா ஒண்ணு தானா நிக்குற வசதி பேனல்ல இருந்தா அதை ஆன் பண்ணச் சொல்லுங்க.

கேள்வி: ரெண்டு செட்டையும் தானா பேரலல்ல சேர்க்குற ஆட்டோ சின்க் பேனலுக்கு ஒரு கொட்டேஷன் ஒண்ணரை லட்சம் கம்மியா வந்திருக்கு. கண்ணை மூடிட்டு வாங்கலாமா?

பதில்: கண்ணை மூடிட்டு வாங்குறவங்களுக்காகத்தான் அந்த கொட்டேஷனே போடுறாங்க. "ஆட்டோ சின்க் பேனல், 1 எண்ணம்"னு ஒரே வரியில எழுதி அனுப்புறதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். உங்க எஞ்சின்ல எந்த மாதிரி கவர்னர்னு அதுல ஒரு வார்த்தை இருக்கா? மெக்கானிக்கல் கவர்னர்னா பேனல் சிக்னல் அனுப்பி என்ன பண்ணும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க அங்க வழியே இல்ல, மீட்டரைப் பாத்துட்டு சும்மா உக்காந்திருக்கும். நானே அப்படி ஒரு பழைய செட்டை மலிவுன்னு வாங்கி, எலக்ட்ரானிக் கவர்னர் மாட்டினதுல மிச்சம் பண்ணதெல்லாம் போச்சு. ஆல்டர்னேட்டர் வோல்டேஜைக் கட்டுப்படுத்துற ஏவிஆர் வெளியிலேர்ந்து வர்ற வோல்டேஜ் சிக்னலை ஏத்துக்குமா, பிரேக்கர் மோட்டார் வச்சு உடனே மூடுற வகையா, கையால மூடினாலும் நேரம் தப்பினா தடுக்குற சின்க் செக் ரிலே இருக்கா, இந்த மூணையும் எழுதிக் கேளுங்க. வோல்டேஜ், ஹெர்ட்ஸ், ஃபேஸ் வரிசை, ஃபேஸ் கோணம் நாலும் ஒத்துப்போகும்போதுதான் பிரேக்கர் மூடணும், ஹெர்ட்ஸ் சரியா இருக்கேன்னு கோணம் தப்பான நேரத்துல மூடினா கிராங்க்ஷாஃப்டே அடி வாங்கும். பதில் வாயால மட்டும் வந்தா அந்த கொட்டேஷனை விட்டுடுங்க.

கேள்வி: ரெண்டு செட்டும் கிலோவாட் சமமா காட்டுது, ஆனா ஒண்ணுல ஆம்பியர் ரொம்ப ஜாஸ்தி. ஆபரேட்டர் கவர்னரைத் திருகிட்டே இருக்கார்.

பதில்: முதல்ல அவர் கையிலேர்ந்து ஸ்க்ரூடிரைவரை வாங்குங்க. கிலோவாட் கவர்னர் வேலை, அது சரியாத்தான் இருக்கு. இது வோல்டேஜ் விஷயம், ஒரு ஏவிஆர் கொஞ்சம் தூக்கி வச்சிருந்தா ரெண்டு ஆல்டர்னேட்டருக்கும் நடுவுல வெட்டியா கரண்ட் சுத்தும், ரெண்டு பவர் ஃபேக்டர் மீட்டரும் வேற வேற காட்டும். தனித்தனியா ஓட்டி வோல்டேஜை ஒண்ணாக்குங்க, அப்பவும் போகலன்னா ஏவிஆருக்குக் கரண்ட் அளவைச் சொல்ற ட்ரூப் சிடி தலைகீழா மாட்டியிருக்கான்னு எலக்ட்ரீஷியனைப் பாக்கச் சொல்லுங்க.