அம்மா திட்டுவார் என்று தெரிந்தும்

கேள்வி: யாங்கோனில் கோயில் ஞாயிறு வகுப்பில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வயது 24. நிர்வாகத்திலுள்ள பெரியவருக்கு வைபரில், 'ஐயா, பாடநூல் இன்னும் வரல. ஞாயிறுக்குள் கண்டிப்பா வேணும். ஏன் லேட்டுன்னு சொல்லுங்க பா' என்று அனுப்பினேன். 'சரி' என்று மட்டும் பதில் வந்தது. அதன்பின் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அனுப்புமுன் தோழிகள் இருவரிடம் காட்டினேன். அம்மாவிடம் காட்டினால் திட்டுவார் என்று காட்டவில்லை. இதில் மரியாதைக் குறைவு என்ன?

பதில்: அம்மா திட்டுவார் என்று உனக்கே தெரிந்திருக்கிறதே! அப்புறம் என்னிடம் என்ன கேள்வி? உன் வயதுத் தோழிகளுக்கு அது சாதாரணமாகத்தான் பட்டிருக்கும். பெரியவர்களோடு பழகிய காது உன் வீட்டிலேயே இருக்க, நீ அதைத் தவிர்த்துவிட்டாய்.

முதலில் அந்த 'பா'. பர்மிய மொழியில் 'லா' என்றால் வா. 'லா பா' என்றால் பணிவாக அழைப்பது. அந்தப் பழக்கத்தில் தமிழிலும் ஒட்டிவிட்டாய் போலிருக்கிறது. தமிழில் 'பா' தோழனைக் கூப்பிடுவது. நீ போட்ட 'ஐயா'வை அந்த ஓரெழுத்து கீழே இறக்கிவிட்டது.

அதைவிட மோசம் 'ஏன் லேட்டு'. 'ஏன்' என்று கேட்டால் அவர் உனக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிவிடுகிறார். உனக்கு வேண்டியது காரணமா, தேதியா? தேதிதானே? அப்படியானால் 'எப்போது' என்று கேள். 'கண்டிப்பா வேணும்' என்பது கடைக்காரரிடம் சொல்வது. அவசரத்தை நீ சொல்லாதே, பிள்ளைகள் சொல்லட்டும்:

'வணக்கம் ஐயா. ஞாயிறன்று பிள்ளைகளுக்கு அடுத்த பாடம் தொடங்க வேண்டும். நூல்கள் எப்போது வரும் என்று கேட்டுச் சொல்வீர்களா? சனிக்கிழமைக்குள் தெரிந்தால் அதற்கேற்பப் பாடத்தை மாற்றிக்கொள்வேன்.'

நெருக்கடி அப்படியே இருக்கிறது, பார்த்தாயா? கெடுவும் இருக்கிறது. ஆனால் மாற்றிக்கொள்பவள் நீ. 'சொல்ல முடியுமா' என்று போடாமல் 'சொல்வீர்களா' என்று போட்டதையும் கவனி. பெரியவரிடம் 'முடியுமா' என்றால் சில நேரம் அவருடைய திறமையைச் சந்தேகிப்பதுபோல் ஒலிக்கும். இதற்கு மேல் 'தயவுசெய்து', 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' என்றெல்லாம் அடுக்காதே. ஒன்று போதும், மூன்று போட்டால் நடிப்பு. தேதியையே விட்டுவிட்டுக் குழைவதும் தவறு. அவருக்கு நீ கேட்டதே புரியாது.

இனி அனுப்புமுன், உன்னைவிடப் பத்து வயது சின்னவள் உனக்கு அதையே அனுப்பினதாக நினைத்து வாய்விட்டுப் படி. எங்கே உனக்கே சுருக்கென்கிறதோ அந்தச் சொல்லை மாற்று.

நடந்ததற்கு இன்னொரு செய்தி அனுப்பாதே. எழுத்தில் பட்ட காயத்துக்கு எழுத்து மருந்தாகாது என்பது என் கட்சி. ஞாயிறன்று வகுப்புக்கு முன் நேரில் போ. 'அன்னைக்கு அவசரத்துல துடுக்கா எழுதிட்டேன் ஐயா' என்று சொல், காரணம் அடுக்காதே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. வழியில் அந்தச் செய்தியை அவருக்கு வாசித்துக் காட்டு. திட்டுவார், வாங்கிக்கொள்.