வெளிநாட்டு அட்டைக் கட்டணம்: மாற்று விகிதத்தை எதிர்த்துக் கடிதம்

"சிங்கப்பூர் ஓட்டலில் கிரெடிட் கார்டில் 400 டாலர் கட்டினேன். 26,900 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கூகுளில் பார்த்தால் விகிதம் 62தான். வங்கிக்கு என்னவென்று எழுதுவது?"

"விகிதம் அதிகம்" என்று எழுதாதீர்கள்; அதற்கு அச்சடித்த பதில்தான் வரும். எந்த விகிதம், எந்தத் தேதி, வங்கி கூடுதலாகச் சேர்க்கும் மார்க்கப் எவ்வளவு, அதன்மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி கேளுங்கள்.

அதற்குமுன் ஓட்டல் ரசீதை எடுத்துப் பாருங்கள். தொகை SGD, அதாவது சிங்கப்பூர் டாலரில் இல்லாமல் INR, அதாவது ரூபாயில் இருந்தால், மாற்றியது உங்கள் வங்கி அல்ல; ஓட்டலின் மெஷினே மாற்றியிருக்கிறது. என் சந்தேகம் இதுதான். 62 வீதம் 24,800 ரூபாய். மார்க்கப் 3.5% என்றால் 868, அதற்கு 18% ஜிஎஸ்டி 156. மொத்தம் 25,824. மீதி 1,076 ரூபாய்க்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ரசீதில் INR இருந்தால் கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: "எந்த நாணயத்தில் செலுத்துவது என்று என்னிடம் கேட்கப்படவில்லை. ரூபாயாக மாற்ற நான் சம்மதிக்கவில்லை. இதைத் தவறான நாணயப் பரிவர்த்தனையாகக் கருதி, பணத்தைத் திரும்பத் தரும்படி சார்ஜ்பேக் கோருகிறேன்." ரசீது, ஓட்டல் பில், ஸ்டேட்மென்ட் நகல்களை இணையுங்கள். தாமதிக்காதீர்கள், சார்ஜ்பேக்கிற்குக் கெடு உண்டு.

SGD இருந்தால், விசா அல்லது மாஸ்டர்கார்டு தளத்தின் கணிப்பானில் கணக்கில் ஏறிய தேதியைப் போட்டுப் பாருங்கள். கார்டு தேய்த்த நாளின் விகிதம் பொருந்தாமல் போகலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால் cms.rbi.org.in-இல், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். ஆனால் மெஷின் திரையில் ரூபாயை நீங்களே தேர்ந்தெடுத்திருந்தால் பணம் திரும்புவது கடினம்.