தவறான விடைக்கு எழுதும் மூன்று வரி

கேள்வி: "ஏழாம் வகுப்புக்குத் தசம எண்களில் மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் வினாடி வினா வைக்கிறேன். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் 'தவறு. இட மதிப்பைக் கவனிக்கவும்' என்று வருகிறது. அடுத்த தேர்விலும் பிள்ளைகள் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதச் சொல்கிறார்கள். அதில் என்ன எழுத வேண்டும்?"
– கணித ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

உங்கள் வினாத்தாளில் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம். "0.6, 0.45, 0.375 – இவற்றில் மிகப் பெரிய எண் எது?" என்று ஒரு கேள்வி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பல பயிற்சித் தாள்களில் இந்த மாதிரிக் கேள்வியைப் பார்க்கலாம். இதற்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் கை நகராது. கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது.

தசம எண்களை ஒப்பிடும்போது பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். முதல் வகைப் பிள்ளை புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாகப் படிக்கும். 375, 45, 6 என்று பார்த்து, 375-தான் பெரிது என்று முடிவு செய்யும். இதற்கு நாமும் ஒரு காரணம். வகுப்பில் "பூச்சியம் புள்ளி முந்நூற்று எழுபத்தைந்து" என்று வாய்விட்டுப் படிக்கிறோம். "பூச்சியம் புள்ளி மூன்று ஏழு ஐந்து" என்று படிக்கும் வகுப்பில் இந்தக் குழப்பம் வேர் பிடிக்க அவ்வளவு இடம் இருக்காது.

இரண்டாவது வகை நேர் எதிர். ஒரு மாணவி எப்போதும் குட்டையான எண்ணையே பெரிது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன். "ஆயிரமா பங்கு போட்டா ஒவ்வொண்ணும் ரொம்பச் சின்னதா ஆயிடும்ல சார், பத்தா போட்டா பெருசா இருக்கும்" என்றாள். அவள் சொன்னதில் பாதி முழுக்கச் சரி. பங்கின் அளவைப் பிடித்துக்கொண்டாள், எத்தனை பங்கு என்பதை விட்டுவிட்டாள்.

இப்போது அந்தக் கேள்வியை மறுபடி பாருங்கள். இந்த மாணவி 0.6-ஐத் தேர்ந்தெடுப்பாள். அதுதான் சரியான விடையும்கூட. முழு மதிப்பெண் வாங்கிவிடுவாள், அவள் குழப்பம் உங்கள் கண்ணில் படவே படாது. படாத குழப்பத்துக்குக் குறிப்பு எழுத முடியாது.

ஆகவே குறிப்புக்கு முன்னால் எண்களை மாற்றுங்கள். சரியான விடை மிக நீளமானதாகவும் இருக்கக் கூடாது, மிகக் குட்டையானதாகவும் இருக்கக் கூடாது. 0.4, 0.62, 0.375 என்று கொடுத்தால், முழு எண்ணாகப் படிப்பவர் 0.375-க்குப் போவார், பங்கின் அளவை மட்டும் பார்ப்பவர் 0.4-க்குப் போவார். ஒவ்வொரு தவறான விடைக்கும் பின்னால் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. நான்காவதாக ஒரு விடை வேண்டுமே என்று எதையாவது சேர்க்காதீர்கள். எந்த யோசனையிலிருந்து பிறந்தது என்று உங்களால் சொல்ல முடியாத விடைக்கு எழுதும் குறிப்பு வெறும் நிரப்பல்தான். மூன்று விடைகளே போதும்.

யோசனை தெரிந்துவிட்டால், குறிப்பு அந்த யோசனைக்கு நாம் சொல்லும் பதில், அவ்வளவுதான். "இட மதிப்பைக் கவனிக்கவும்" என்பது யாருக்குப் பதில்? 0.375-க்கும் அதையே ஒட்டலாம், 0.4-க்கும் அதையே ஒட்டலாம். நான் எழுதி முடித்த குறிப்பை எப்போதும் இப்படித்தான் சோதிப்பேன்: அதை அப்படியே தூக்கிப் பக்கத்து விடைக்கு அடியில் வைத்துப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்தினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன்.

0.375-க்கு முதலில் நான் எழுதியது இது:

"0.62-ஐ 0.620 என்றும் 0.4-ஐ 0.400 என்றும் எழுதி, இப்போது ஒப்பிட்டுப் பார்."

பார்க்க நன்றாக இருக்கும், பிள்ளையும் உடனே சரியாகச் சொல்லிவிடும். ஆனால் எப்படிச் சொல்லும்? 620, 400, 375 என்று மறுபடியும் முழு எண்ணாகப் படித்துத்தான். எந்த யோசனையைத் திருத்த வேண்டுமோ அதையே வைத்து விடையை வாங்கிக் கொடுத்துவிட்டோம். சுழியம் சேர்க்கும் வழி தப்பில்லை, பின்னால் சொல்லிக் கொடுக்கலாம். இந்தப் பிள்ளைக்கு இந்த நேரத்தில் அது மருந்தாகாது. மாற்றி எழுதியது இது:

"புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 375 என்று சேர்த்துப் படித்தால் இதுதான் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த 3 முந்நூறு இல்லை, பத்தில் 3. மூன்று எண்களிலும் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தை மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி தேர்ந்தெடு."

முதல் வாக்கியம் பிள்ளை நினைத்ததை அதன் வார்த்தையிலேயே சொல்கிறது. "ஆமா, அப்படித்தான் பார்த்தேன்" என்று தோன்றினால்தான் அடுத்த வரியைப் படிக்கும். இரண்டாவது வாக்கியம் எங்கே பிசகியது என்று காட்டுகிறது. மூன்றாவது, கையால் செய்ய ஒரு சின்ன வேலை. விடை எதிலும் இல்லை.

0.4-க்கு:

"பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிடப் பெரியது, அது சரி. ஆனால் எத்தனை பங்கு இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 0.4 மீட்டர் எத்தனை செ.மீ.? 0.62 மீட்டர் எத்தனை செ.மீ.? எழுதிப் பார்த்துவிட்டு மறுபடி தேர்ந்தெடு."

இங்கே "அது சரி" என்பது ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை. அந்த மாணவியின் யோசனையில் உண்மையாகவே சரியான பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அதையும் சேர்த்துக் கைவிட்டுவிடுவாள். ரூபாய், பைசாவை எடுக்காமல் மீட்டரை எடுத்ததற்கும் காரணம் உண்டு. பைசா இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடும், 0.375 வந்தால் உதவாது. மீட்டர் ஸ்கேல் வகுப்பிலேயே இருக்கிறது.

"கவனமாகப் படித்திருக்க வேண்டும்", "இது எளிய கேள்வி" போன்றவை வேண்டாம். பின்னூட்டத்தைப் பற்றி நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து க்ளூகர், டெனிசி என்ற இருவர் 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டம் திறனைக் குறைத்திருந்தது. கவனம் செய்யும் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் விளக்கம். குறிப்பு எண்ணைப் பற்றிப் பேசட்டும், பிள்ளையைப் பற்றி வேண்டாம்.

சரியான விடைக்கும் ஒரு வரி எழுதுங்கள். மூன்று விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டவரும் அங்கே வந்திருப்பார். "சரி. புள்ளிக்கு அடுத்து 6 இருப்பதால், பத்தில் 3-ஐயும் 4-ஐயும் விட இது பெரியது" என்றால் போதும்.

இப்போது மூடிலுக்கு வருவோம். வினாவைத் திருத்தும் பக்கத்தில் ஒவ்வொரு விடைக்கு அடியிலும் `Feedback` என்று ஒரு பெட்டி இருக்கும், குறிப்பு அதில்தான் போக வேண்டும். கீழே உள்ள `Combined feedback` பகுதியில் "Your answer is incorrect." என்ற வாக்கியம் முன்கூட்டியே கிடக்கும். அதை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் தமிழ்க் குறிப்போடு அதுவும் சேர்ந்து வரும். நிறையக் கேள்விகள் இருந்தால் ஒரே கோப்பில் எழுதி ஏற்றலாம். அந்த வடிவத்தின் பெயர் `GIFT`. சரியான விடைக்கு முன்னால் `=`, தவறானதற்கு முன்னால் `~`, குறிப்புக்கு முன்னால் `#`:

```
::தசமம் 1:: இவற்றில் மிகப் பெரிய எண் எது? {
=0.62 #சரி. புள்ளிக்கு அடுத்து 6 இருப்பதால்...
~0.375 #புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 375 என்று...
~0.4 #பத்தில் ஒரு பங்கு நூறில் ஒரு பங்கைவிட...
}
```

கோப்பை `UTF-8` ஆகச் சேமியுங்கள், இல்லையென்றால் தமிழ் எழுத்துகள் சிதைந்துபோகும். ஒரு கேள்விக்குள் வெற்று வரி விடாதீர்கள், அங்கேயே கேள்வி முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். குறிப்பில் "இரண்டாவது விடை", "விடை ஆ" என்றெல்லாம் எழுதவும் கூடாது. மூடில் விடைகளின் வரிசையைக் கலைத்துக் காட்டும், ஒரு பிள்ளைக்கு இரண்டாவதாக இருப்பது அடுத்த பிள்ளைக்கு மூன்றாவதாக இருக்கும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். `Question behaviour` பொதுவாக `Deferred feedback` என்று இருக்கும். அப்படியென்றால் தேர்வை முழுக்க முடித்து அனுப்பிய பிறகுதான் குறிப்புகள் தெரியும். அதற்குள் பிள்ளை மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் போய்விடும். உங்கள் தேவைக்கு `Interactive with multiple tries` ஏற்றது. விடையைத் தொட்டு `Check` அழுத்தியதும் குறிப்பு வரும், `Try again` அழுத்தி மறுபடி முயலலாம். ஆனால் எத்தனை `Hint` எழுதியிருக்கிறீர்களோ அத்தனை மறுமுயற்சிதான் கிடைக்கும். ஒன்றுகூட இல்லையென்றால் `Try again` வராது. `GIFT` கோப்பில் `Hint` எழுத வழி இல்லை. ஆகவே ஏற்றிய பிறகு கேள்வியைத் திறந்து, "குறிப்பில் சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு இன்னொரு முறை முயல்" என்று ஒன்று மட்டும் சேர்த்துவிடுங்கள். மூன்றே விடைகள் இருக்கும்போது இரண்டு மறுமுயற்சி கொடுத்தால் கடைசியில் எல்லாரும் சரியாகத்தான் சொல்வார்கள்.

`Review options` பகுதியில் `During the attempt` பத்தியில் `Specific feedback` தேர்வாகி இருக்க வேண்டும், `Right answer` தேர்வாகி இருக்கக் கூடாது. இரண்டாவது முயற்சியிலும் தவறினால்? அவர்களைச் சும்மா அனுப்பக் கூடாது. பல விடைத் தேர்வில் தவறான விடையைத் தொட்டவருக்கு அதுவே உண்மை என்று மனத்தில் தங்கிவிடும் ஆபத்து உண்டு. பின்னூட்டம் அதைக் குறைக்கிறது என்று பட்லர், ரோடிகர் இருவரும் 2008-இல் காட்டினார்கள். `Immediately after the attempt` பத்தியில் `Right answer`-ஐத் தேர்ந்தெடுத்து வையுங்கள், தேர்வு முடிந்ததும் சரியான விடை கட்டாயம் தெரியட்டும்.

உங்கள் சக ஆசிரியர்கள் கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்தினால் இது இவ்வளவு எளிதாக அமையாது. அதில் சரிக்கு ஒரு குறிப்பு, தவறுக்கு ஒரு குறிப்பு, அவ்வளவுதான் இடம். `Go to section based on answer` வழியாக ஒவ்வொரு விடைக்கும் தனிப் பகுதி வைத்துச் சமாளிக்கலாம். பத்துக் கேள்விக்கு அப்படிச் செய்தால் படிவம் கட்டுக்கடங்காமல் போகும். முக்கியமான ஒன்றிரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

குறிப்பு வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? அதே தேர்வில் இரண்டாவது முயற்சியில் சரியானதை வைத்து முடிவு செய்யாதீர்கள், அங்கே மிச்சம் இருப்பது இரண்டே விடைகள். நான்கைந்து நாள் கழித்து, அதே அமைப்பில் வேறு எண்களோடு ஒரு கேள்வி வையுங்கள்: 0.7, 0.83, 0.596. முன்பு 0.375-ஐத் தொட்டவர்கள் இப்போது 0.596-ஐத் தொடுகிறார்களா என்று பாருங்கள். முடிவுகள் பக்கத்தின் `Statistics` அறிக்கையில், கேள்வியைச் சொடுக்கினால் ஒவ்வொரு விடையையும் எத்தனை பேர் தேர்ந்தெடுத்தார்கள் என்று வரும். பெயர் வாரியாகப் பார்க்க `Responses` அறிக்கை இருக்கிறது. 0.4-லிருந்து 0.83-க்கு வந்தவர்கள் நிறைய, 0.375-லிருந்து வந்தவர்கள் குறைவு என்றால், 0.375-க்கு எழுதிய குறிப்பைத்தான் திருத்த வேண்டும். அதைத் திருத்தும் முன் 0.596-ஐத் தொட்ட இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்த எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். "ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு" என்று வாயில் வந்தால், குறிப்பின் முதல் வாக்கியத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.