வீட்டுக்கு வந்தால் ஒலிக்கணும், படுத்தால் அடங்கணும்

கே: சாம்சங் போன். வீட்டு வைஃபை கிடைத்தால் பெல் சத்தம் ஏறணும், வீட்டைவிட்டுப் போனால் வைஃபை அணையணும் என்று ரொட்டீன் போட்டேன். போகும்போது அணைகிறது. திரும்பி வந்தால் எதுவுமே நடப்பதில்லை. கடைக்காரர் போர்டு பார்க்கணும் என்கிறார். (திருப்பூர்)

போர்டைத் தொட விடாதீர்கள். போனில் பழுது இல்லை. வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபை கிடைத்ததா என்று அதே போனைப் பார்க்கச் சொல்கிறீர்கள். அது எப்படிப் பார்க்கும்?

வைஃபைக்குப் பதில் இடத்தை நிபந்தனையாக வையுங்கள். Settings-இல் Modes and Routines திறந்து, புது ரொட்டீனில் If பகுதியில் Place எடுத்து, வரைபடத்தில் உங்கள் வீட்டைக் குறியுங்கள். Then பகுதியில் வைஃபை ஆன், பெல் சத்தம், வெளிச்சம் மூன்றையும் சேருங்கள். வெளியே போகும்போது அணைக்க என்று தனி ரொட்டீன் தேவையில்லை. நிபந்தனை முடிந்ததும் இது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீங்கள் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தால் அதே அளவுக்கு வரும்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வட்டத்தை வாசல்படி அளவுக்குச் சுருக்காதீர்கள். வட்டத்தின் ஆரம் 100 முதல் 150 மீட்டராவது இருந்தால்தான் போன் தடுமாறாது. பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்ட் இடத்தை இடைவெளி விட்டுத்தான் பார்க்கும், அதனால் வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் தாமதமாகலாம். செருப்பைக் கழற்றும் முன்பே சத்தம் ஏறணும் என்று அடம்பிடிக்க வேண்டாம். அப்புறம் Location அமைப்பில் Wi-Fi scanning ஆன் ஆகட்டும். வைஃபை அணைந்திருந்தாலும் அக்கம்பக்கத்து வைஃபைகளை வைத்து போன் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால், வெளியே போகும்போது வைஃபையை அணைப்பதே வீண் வேலை. அதில் மிச்சமாகும் பேட்டரி சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

கே: இதற்காகவே புது போன் வாங்கலாம் என்று இருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம்.

கே: இரவு 10 மணிக்குத் தொந்தரவு வேண்டாம் முறையும் சைலண்டும் வெளிச்சக் குறைப்பும் சேர்த்து ரொட்டீன் போட்டிருந்தேன். அம்மா நம்பருக்கு விதிவிலக்கும் கொடுத்திருந்தேன். இரவு 2 மணிக்கு அம்மா நான்கு முறை அழைத்திருக்கிறார். ஒன்றுகூட ஒலிக்கவில்லை. போன் மோசமா, நான் மோசமா? (மதுரை)

இரண்டும் இல்லை, அம்மா நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். கோளாறு அந்த சைலண்டில் இருக்கிறது. Do Not Disturb என்பது யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலாளி. அம்மாவை உள்ளே விட்டுவிட்டது. ஆனால் அதே ரொட்டீனில் பெல்லையும் ஊமையாக்கிவிட்டீர்கள். விதிவிலக்கு கிடைத்த அழைப்பும் அப்போதைய பெல் சத்தத்தில்தான் ஒலிக்கும். சத்தம் பூஜ்யம் என்றால் அனுமதி கிடைத்தும் பயனில்லை.

ரொட்டீனிலிருந்து சைலண்டை எடுத்துவிடுங்கள். பெல் சத்தம் பாதிக்கு மேல் இருக்கட்டும். வேண்டாதவர்களை அடக்கும் வேலையை Do Not Disturb பார்த்துக்கொள்ளும். அழைப்பு விதிவிலக்கில் repeat callers என்று ஒன்று இருக்கும், அதையும் ஆன் செய்யுங்கள். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைத்தால் ஒலிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்காக வேறு நம்பரிலிருந்து அழைக்கும் நாளில் அதுதான் உதவும்.

படுக்கும் முன் ஒரு ஒத்திகை பாருங்கள். ரொட்டீனைக் கையால் ஓட்டிவிட்டு, அம்மாவை அழைக்கச் சொல்லிக் காதால் கேளுங்கள். திரையில் விதிவிலக்கு டிக் ஆகியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

வெளிச்சத்துக்கும் ஒரு சொல். adaptive brightness ஆன் ஆகியிருந்தால் நீங்கள் வைத்த அளவை போன் தன் இஷ்டத்துக்கு மாற்றும். இரவு ரொட்டீனிலேயே அதையும் அணையுங்கள்.

கே: இரவு 10 மணி ரொட்டீனில் வெளிச்சத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். காலையில் வெயிலில் திரை தெரியவில்லை, அமைப்புக்குள் போகவே முடியவில்லை.

நிழலுக்கு வாருங்கள். வந்ததும், 10 மணி என்று ஒற்றை நேரமாகப் போட்டிருப்பதை 10 முதல் 6 வரை என்று கால அளவாக மாற்றுங்கள். ஒற்றை நேரத்துக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. எதை, எப்போது பழைய நிலைக்குக் கொண்டுவரணும் என்று போனுக்கு நீங்கள் சொல்லவே இல்லையே.

கே: என் போன் வேறு கம்பெனி. ரொட்டீன் வேலையைச் செய்யும் MacroDroid என்ற ஆப்பைப் போட்டேன். முதல் வாரம் அருமை, அப்புறம் தூங்கிவிட்டது. வைஃபையை மட்டும் முதல் நாளிலிருந்தே மாற்றவில்லை. ஆப் ஏமாற்றா?

ஆப் நல்ல ஆப். எனக்கு எரிச்சல் வருவது போன் கம்பெனிகள் மேல். பெட்டி மேல் மெகாபிக்சலைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பின்னணியில் ஓடும் ஆப்பை நாங்கள் கேட்காமலே நிறுத்துவோம் என்று எந்த மூலையிலும் போட மாட்டார்கள். பேட்டரி இரண்டு நாள் நிற்கிறது என்று பெருமை அடித்துக்கொள்வதற்கு, நீங்கள் ஆசையாக அமைத்த ரொட்டீன் பலி. வாங்குபவர்களும் செல்ஃபி எப்படி வருகிறது என்று கேட்பதோடு சரி. கடையில் நிற்கும்போதே Settings தேடலில் Routines என்று தட்டிப் பாருங்கள். வந்தால், அந்த வேலையைக் கம்பெனியின் சொந்த அமைப்பே செய்யும். அதை யாரும் நிறுத்த மாட்டார்கள். வராவிட்டால் வெளி ஆப்தான், மல்லுக்கட்டும் உங்களுக்குத்தான்.

உங்கள் போனில் MacroDroid-க்கு பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், Autostart இருந்தால் அனுமதியுங்கள், இருப்பிட அனுமதியை Allow all the time என்று வையுங்கள். ஆப் திறந்திருக்கும்போது மட்டும் என்று கொடுத்தால், சட்டைப் பையில் இருக்கும் போன் வீடு வந்ததைக் கவனிக்காது.

வைஃபை கதை வேறு. ஆண்ட்ராய்ட் 10 முதல், அந்தப் பதிப்புக்காக எழுதப்பட்ட சாதாரண ஆப்கள் வைஃபையை நேரடியாக ஆன், ஆஃப் செய்ய முடியாது. 2019-இல் கூகுள் அந்தக் கதவை மூடிவிட்டது. அதனால் சத்தமும் வெளிச்சமும் மாறுகின்றன, வைஃபை மட்டும் அசைவதில்லை. மாற்றுவழி போனிலேயே இருக்கலாம்: நெட்வொர்க் விருப்பங்களில் Turn on Wi-Fi automatically என்பதை ஆன் செய்தால், சேமித்த வைஃபை அருகே வரும்போது தானே ஆன் ஆகும்.

கே: "ஸ்மார்ட் ரொட்டீன்" என்று ஏதோ ஒரு ஆப். இலவசம் என்றார்கள். நீக்கிவிட்டேன், ஆனாலும் வாரா வாரம் 299 ரூபாய் போகிறது. ஓய்வூதியத்தில் வாழ்கிறேன்.

ஐயா, ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. அதை நம்பித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள். இப்போதே Play Store-இல் உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions வழியாக Subscriptions போய் ரத்து செய்யுங்கள். யுபிஐ வழியாகப் போகிறது என்றால், உங்கள் யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பட்டியலிலும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள். கடைசியாகப் பிடித்த தொகைக்கு 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெட்கப்பட வேண்டாம், வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

கே: கட்டில் அருகே என்எஃப்சி ஸ்டிக்கர் ஒட்டி, தொட்டால் இரவு முறை வருவதுபோல் செய்யலாமா?

செய்யலாம். போனில் என்எஃப்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரை திறந்திருந்தால்தான் படிக்கும். நான் ஒரு பாக்கெட் மலிவாக வாங்கி இரும்புக் கட்டிலில் ஒட்டினேன், ஒன்றுகூடப் படிக்கவில்லை. உலோகத்தின் மேல் சாதாரண ஸ்டிக்கர் வேலை செய்யாது, அதற்கென்றே தனி ரகம் உண்டு. மரக்கட்டில் என்றால் கவலை இல்லை.

கே: ஐபோனில் இரவு வைஃபையை அணைக்கிறேன். காலையில் ஆன் ஆகிக் கிடக்கிறது. பேயா?

காலை 5 மணிப் பேய். Control Center-இல் தொட்டால் இணைப்பு மட்டும்தான் துண்டிக்கப்படும், 5 மணிக்குத் திரும்பிவிடும். Shortcuts ஆப்பில் Automation, Time of Day எடுத்து, Set Wi-Fi என்பதை Off ஆக்கி, Run Immediately கொடுங்கள். காலையில் ஆன் செய்ய இன்னொன்று போட மறந்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.