லாபம் ஏறுகிறது, காசு வரவில்லையே?

தண்டையார்பேட்டையிலிருந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர்: நான் பங்கு வைத்திருக்கும் கம்பெனியின் லாபம் 30 கோடியிலிருந்து 38 கோடியாகக் கூடியிருக்கிறது. மருமகனோ "வித்துடுங்க மாமா" என்கிறார். ஆண்டறிக்கையை அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி?

மருமகன் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட்டைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கம்பெனியின் விற்பனை 400 கோடியிலிருந்து 480 கோடி, அதாவது 20 சதவீதம் ஏற்றம். ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 80 கோடியிலிருந்து 140 கோடியாகிவிட்டது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365ஆல் பெருக்குங்கள். போன வருடம் 73 நாளில் வசூலான பணம் இப்போது 106 நாள் இழுக்கிறது.

38 கோடி லாபத்தோடு, கையிலிருந்து போகாத செலவான தேய்மானம் 12 கோடியைக் கூட்டினால் 50 கோடி. பாக்கியில் மாட்டிக்கொண்ட 60 கோடியைக் கழித்தால் மைனஸ் 10. சில்லறை வரவு செலவுகளை விட்டுவிட்டேன், படம் மாறாது. தொழிலே காசு கொடுக்காத வருடத்தில் 32 கோடிக்கு மெஷின் வாங்கி, 8 கோடி டிவிடெண்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்த மைனஸ் 10ஐயும் சேர்த்தால் தேவைப்பட்டது 50 கோடி, மொத்தமும் பேங்கில் வாங்கிய குறுகிய காலக் கடன். உங்களுக்கு வந்த டிவிடெண்டும் அதில்தான் அடக்கம்.

பாக்கி ஏன் இப்படி ஏறியது? நம் எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். தீபாவளி முடிந்த பிறகும் "எடுத்து வைங்க, வித்துட்டுக் குடுங்க" என்று சரக்கைத் தள்ளிவிட்டுப் போகும் மில் ஏஜென்ட் அவருக்குப் பழக்கம். கம்பெனிகள் இதை மார்ச் கடைசியில் செய்யும். சரக்கு வண்டி ஏறியதுமே விற்பனை என்று எழுதிவிடுவார்கள். மார்ச் காலாண்டு விற்பனை மட்டும் மற்ற மூன்றைவிடத் துருத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படலாம். பருவத்தை நம்பிய தொழில் என்றால் அது இயல்பாகவும் இருக்கும், அதனால் போன வருட மார்ச்சோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம் குறிப்புகளில் பாக்கியின் வயதைக் காட்டும் அட்டவணை இருக்கும். 2021-22 முதல் இது கட்டாயம். கெடு தாண்டி ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு, மூன்று வருடம் என்று பிரித்திருப்பார்கள். உங்கள் கம்பெனியில் ஒரு வருடத்துக்கு மேல் நிலுவை 18 கோடி, வராது என்று ஒதுக்கியதோ வெறும் 2 கோடி. இன்னும் 8 கோடி ஒதுக்கியிருந்தால், வரியை விட்டுப் பார்த்தால், லாபம் போன வருட 30 கோடியிலேயே நின்றிருக்கும். விற்பதும் வைப்பதும் உங்கள் முடிவு. நானாக இருந்தால் இந்தப் பங்கில் மேலும் பணம் போட மாட்டேன்.

பெரம்பூர் வாசகி: கடன் நன்றாகவே கூடியிருக்கிறது, வட்டிச் செலவு மட்டும் அப்படியே இருக்கிறது. குறைந்த வட்டிக்குக் கிடைத்திருக்குமோ?

இருக்கலாம். ஆனால் முதலில் கேஷ் ஃப்ளோவில் "கட்டிய வட்டி" என்ற வரியைப் பாருங்கள். அது லாப நட்டக் கணக்கில் உள்ள வட்டியைவிட நிறைய அதிகம் என்றால், மிச்ச வட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆலையின் மதிப்போடு சேர்த்திருப்பார்கள். கட்டுமானம் நடக்கும்வரை அது சட்டப்படி சரிதான். வேலை வருடக்கணக்கில் முடியாமல் கிடந்து, வட்டியும் அங்கேயே ஏறிக்கொண்டிருந்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

ராயபுரம் வாசகர்: கையில் 300 கோடி ரொக்கம் இருக்கும் கம்பெனி ஏன் கடன் வாங்குகிறது?

நானும் அதைத்தான் கேட்பேன். "இதர வருமானம்" குறிப்பில் வட்டி எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு வருடமும் 300 கோடி இருந்ததாகச் சொல்லிவிட்டு வட்டி 6 கோடி மட்டும் என்றால் வெறும் 2 சதவீதம். எஃப்.டி.யில் போட்டிருந்தாலே அதைவிடக் கூட வரும். பணம் கரன்ட் அக்கவுன்ட்டில் கிடக்கலாம், அல்லது மார்ச் 31 அன்று மட்டும் வந்து போயிருக்கலாம். இல்லவே இல்லாமலும் இருக்கலாம். 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தது, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி கிடையாது என்று.

வண்ணாரப்பேட்டை வாசகர்: ஆடிட்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, போதாதா?

போதாது, நானும் ஆடிட்டர்தான். முதல் பக்கத்தில் "உண்மையான, நியாயமான தோற்றம்" என்று எழுதிவிட்டு, சங்கடமான சங்கதியை இணைப்பில் வைப்பது எங்கள் வழக்கம். அங்கே குறுகிய காலக் கடனை நீண்ட காலச் செலவுக்குப் பயன்படுத்தினார்களா என்று ஒரு பத்தி வரும். நடப்புச் சொத்தைக் காட்டி 5 கோடிக்கு மேல் வாங்கிய பேங்க் லிமிட் இருந்தால், காலாண்டுதோறும் பேங்குக்குக் கொடுத்த விவரம் கம்பெனிக் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று இன்னொரு பத்தி. மேலே சொன்ன தண்டையார்பேட்டைக்காரர் அனுப்பிய அறிக்கையில் இரண்டுமே மாட்டுகின்றன. கணக்கில் பாக்கி 140 கோடி. அதே மார்ச்சுக்குப் பேங்கிடம் காட்டியது 152 கோடி.