டிரங்குப் பெட்டியில் இரண்டு பாட்டில்கள்: வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமான பிறகு பீரோவையும் பரணையும் ஒழிக்கும்போது ஏதோ ஒரு பாட்டில் கையில் சிக்குகிறது. குடிக்கலாமா, கொட்டலாமா என்று கேட்டு இந்த மாதம் மட்டும் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் 28 ஆண்டுகள் மது ஆலை ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். அங்கே பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கப்பலில் வேலை பார்த்த என் பெரியப்பா போன தை மாதம் இறந்துபோனார். அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு ஸ்காட்ச் விஸ்கி பாட்டில்கள் இருந்தன. லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. ஒன்று கழுத்து வரை நிறைவாக இருக்கிறது. மற்றதில் மட்டம் தோளுக்குக் கீழே இறங்கிவிட்டது. நிறைவாக இருப்பதைக் குடிக்கலாம், குறைந்தது கெட்டுப்போனது என்கிறார்கள் அண்ணன்மார். சரியா? (வாசகி, அம்பாசமுத்திரம்)

இல்லை அம்மா. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த பிறகு நான் சந்தேகப்படுவது நிறைவாக இருக்கும் பாட்டிலைத்தான். அதனால்தான் அதை யாரும் குடிக்க வேண்டாம் என்று அண்ணன்மாரிடம் சொல்லச் சொல்லி உங்களுக்கு முன்பே தனியாக எழுதினேன்.

முதலில் வயது. லேபிளில் பூச்சி விட்டுவைத்த துண்டில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. '70 புரூஃப்' என்று இருக்கிறது, '26⅔ அவுன்ஸ்' என்று இருக்கிறது. பிரிட்டிஷ் கணக்கில் 70 புரூஃப் என்றால் 40 சதவீத ஆல்கஹால். (அமெரிக்கக் கணக்கில் அதே 40 சதவீதத்தை 80 புரூஃப் என்று போடுவார்கள். அதனால் புரூஃப் எண்ணைக் கொண்டு எந்த நாட்டுச் சரக்கு என்றும் ஓரளவு ஊகிக்கலாம்.) 1980 வாக்கில் பிரிட்டனில் இந்த அளவுகளை விட்டுவிட்டு மில்லி லிட்டர், சதவீதக் கணக்குக்கு மாறினார்கள். ஆகவே இரண்டுமே 45 ஆண்டுக்கு முந்தைய பாட்டில்கள். பெரியப்பா கப்பலில் போன காலத்தோடும் இது ஒத்துப்போகிறது.

இந்த வயதினால் ஆபத்து ஒன்றும் இல்லை. 40 சதவீத ஆல்கஹாலில் எந்தக் கிருமியும் வளராது. மெத்தில் ஆல்கஹால் என்ற விஷம் பாட்டிலுக்குள் தானாக உண்டாகவும் செய்யாது. பழையதாக ஆக சுவை கூடும் என்பதும் கிடையாது. விஸ்கி முதிர்வது மரப்பீப்பாயில். கண்ணாடிக்குள் வந்த பிறகு அது அப்படியே நிற்கும். ஆகவே நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆலையில் அடைத்த அதே சரக்குதான் இன்றும் உள்ளே இருக்கிறதா?

அதற்கு மூடியைப் பார்க்க வேண்டும். உங்கள் பாட்டில்களில் தகர மூடியும் அதன் கீழே ஒரு வளையமும் இருக்கின்றன. இரண்டையும் சின்னச் சின்னத் தகரத் துண்டுகள் இணைக்கும். முதன்முறை திருகும்போது அவை அறுந்துவிடும். குறைந்த பாட்டிலில் எல்லாத் துண்டும் முழுசாக இருக்கின்றன, இடுக்கில் பழைய தூசி படிந்திருக்கிறது. நிறைந்த பாட்டிலில் எல்லாம் அறுந்து, வளையம் தனியாகச் சுற்றுகிறது. மூடியைச் சுற்றி யாரோ செலோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை.

இப்போது மட்டத்தைப் பாருங்கள். மூடிக்குள் ஒரு மெல்லிய அட்டை இருக்கும். நம் ஊர் வெயிலில் நாற்பது வருஷம் இருந்தால் அது காய்ந்து சுருங்கிவிடும். மதியச் சூட்டில் உள்ளிருக்கும் காற்றும் ஆவியும் விரிந்து வெளியே கசியும், ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்று உள்ளே போகும். இப்படித் தினமும் துளித் துளியாகக் குறையும். ஒரே பெட்டியில் ஒரே மாதிரிக் கிடந்த இரண்டில், மூடி முழுசாக இருந்தது குறைந்திருக்கிறது, திறந்தது குறையவே இல்லை. பிற்பாடு யாரோ எதையோ ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நிறமும் வெளிறியிருக்கிறது. பெரியப்பா தண்ணீர் கலந்து வைத்தாரா, வேறு சாராயம் ஊற்றினாரா, அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் செய்ததா, சொல்ல முடியாது. அதனால்தான் கொட்டிவிடச் சொன்னேன்.

கொட்டிய பிறகு அந்தப் பாட்டிலை உடனே தூக்கிப் போடாதீர்கள் என்றும் அந்தக் கடிதத்தில் சொல்லியிருந்தேன். நன்றாகக் கழுவி, குறைந்த பாட்டிலின் மட்டம் எங்கே இருக்கிறதோ அதே உயரம் வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் அளந்தீர்கள். 660 மில்லி வந்தது. 26⅔ அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 757 மில்லி. ஆக 97 மில்லி போயிருக்கிறது. 45 ஆண்டுக்குப் பிரித்தால் வருஷத்துக்கு இரண்டு மில்லி சொச்சம். மெல்ல ஆவியானதற்கு இது பொருந்தும் கணக்கு. கழுத்தில் பிசுக்குத் தடம் இருந்தால் திரவமாகவே ஒழுகியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் படத்தில் அப்படி இல்லை.

குறைந்த பாட்டிலில் தண்ணீரைவிட ஆல்கஹால் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும், வாசனையும் மங்கியிருக்கும். சுவையில்தான் நஷ்டம், அதனால் விஷமாகிவிடாது. திறப்பதானால் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலோ மிதக்கும் துகளோ இருந்தால், பெயின்ட், மண்ணெண்ணெய் மாதிரி வாடை வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கைதேர்ந்தவன் மூடியையும் புதிதாகப் போட முடியும் என்பதால், முழு மூடி இருந்தாலும் நூற்றுக்கு நூறு உறுதி என்று நான் எழுதித் தர மாட்டேன். என் பெரியப்பாவின் பாட்டிலாக இருந்தால் திறக்காமல் அப்படியே வைத்துக்கொள்வேன்.

ராணுவத்தில் இருந்த தாத்தா வைத்திருந்த ரம். 750 மில்லி, 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறது. காலாவதித் தேதியே இல்லையே? (வள்ளியூர்)

42.8 சதவீதம் என்பது 75 புரூஃப், நம் நாட்டுக் கணக்கு. கேன்டீன் சரக்காக இருந்தால் ராணுவத்தினருக்கு மட்டும் என்ற வாசகம் இருக்கும், பாருங்கள். ரம், விஸ்கி, பிராந்திக்குக் காலாவதித் தேதி தேவைப்படாது. மூடி முழுசாக இருந்து, மட்டம் கழுத்தடியில் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. நிற்க வைத்தே வையுங்கள். கார்க் போட்ட பாட்டிலைப் படுக்கவைத்தால் சரக்கு கார்க்கை அரித்துவிடும். பழைய சரக்குக்கு விலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். உரிமம் இல்லாமல் மது விற்பது சட்டப்படி குற்றம். அந்த எண்ணமே வேண்டாம்.

மாமனார் வீட்டு அரங்குவீட்டில் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று இருக்கிறது. மூடியில் மெழுகு. கொஞ்சம் ஊற்றிக் கொளுத்திப் பார்த்தோம், நீலமாக எரிந்தது. நல்ல சாராயம்தானே? (சங்கரன்கோவில் பக்கம்)

தயவுசெய்து இந்தச் சோதனையை நம்பாதீர்கள். நல்ல சாராயத்தில் இருக்கும் எத்தில் ஆல்கஹாலும் நீலமாக எரியும், கண்ணைப் பறிக்கும் மெத்தில் ஆல்கஹாலும் நீலமாகத்தான் எரியும். இரண்டும் கலந்திருந்தாலும் அப்படித்தான். குலுக்கினால் மணி மணியாக நுரை நிற்கிறதா என்று பார்ப்பார்களே, அது வீரியம் எவ்வளவு என்று காட்டும், என்ன இருக்கிறது என்று காட்டாது. மூக்கும் நாக்கும்கூட இவை இரண்டையும் பிரித்தறியாது. வாயு குரோமட்டோகிராஃபி என்ற ஆய்வகக் கருவியில்தான் தெரியும். மெழுகு முத்திரையும் சாட்சி இல்லை. ஒரு மெழுகுவர்த்தி இருந்தால் யாரும் போட்டுவிடலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது இந்த மெத்தில் ஆல்கஹாலால்தான். 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கப் போதும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது, சாதாரண போதை மாதிரிதான் இருக்கும். 12 மணி, 24 மணி நேரம் கழித்துத்தான் தலைவலி, வாந்தி, வயிற்றுவலி வரும். கண்ணுக்கு முன்னால் பனி மூட்டம் போல வெளுக்கும். யாராவது ஏற்கெனவே ருசி பார்த்திருந்தால் இந்த அறிகுறிகளுக்குக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போய், பாட்டிலையும் காட்டுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்து உண்டு.

இன்னொரு பயமும் எனக்கு இருக்கிறது. வயலும் தோட்டமும் உள்ள வீட்டில், அந்தக் காலத்தில் எண்ட்ரின், ஃபாலிடால் மாதிரியான பூச்சிமருந்தைக் கடையில் சில்லறையாக வாங்கி, காலி பிராந்தி பாட்டிலில் ஊற்றி மூலையில் வைப்பது சாதாரணமாக நடந்த விஷயம். லேபிள் இல்லாத பாட்டிலை முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். எரிகிறது என்பதால் அது சாராயம் என்று ஆகாது. பூச்சிமருந்தாக இருக்கலாம் என்று தோன்றினால் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த வெட்டுக் கண்ணாடிக் குடுவை. உள்ளே பிராந்தி பத்து வருஷமாக இருக்கிறது, கண்ணாடி மூடிதான். (பாளையங்கோட்டை)

வயது விஷயமாகவே ஆகாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதற்கு விலக்கு இதுதான். பளபளவென்று கனமாக இருக்கும் கிரிஸ்டல் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். அது மெதுவாகச் சாராயத்தில் இறங்கும், நாளாக ஆக அளவு கூடும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய குடுவைகளில் நெடுநாள் இருந்த மதுவில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல்கூட ஈயம் கண்டார்கள். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 0.01 மில்லிகிராம். முகர்ந்தாலும் ருசித்தாலும் தெரியாது. கொட்டிவிட்டுக் குடுவையை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். விருந்தன்று ஊற்றிப் பரிமாறி அன்றே காலி செய்வதில் பெரிய ஆபத்து இல்லை. உள்ளே சேமித்து வைப்பதுதான் கூடாது.

ஆச்சி கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை ஒயின் ஒரு பாட்டில் மிச்சம். 2009 என்று துணியில் எழுதிக் கட்டியிருக்கிறார்கள். (மேலப்பாளையம் அருகிலிருந்து)

ஒயினில் ஆல்கஹால் குறைவு, காற்றுப் பட்டால் புளித்து வினிகராகும். மட்டம் இறங்கி, மேலே ஆடையோ பூசணமோ இருந்தால் கொட்டிவிடுங்கள். மூடி இறுக்கமாக உப்பினாற்போல் இருந்தால் உள்ளே இன்னும் நொதித்து அழுத்தம் ஏறியிருக்கலாம். ஈரத்துணியைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள்.

கடையில் வாங்கிய பழைய வெளிநாட்டு ஒயினாக இருந்தால் கழுத்தில் சாம்பல் நிறத்தில் மெத்தென்ற உலோக உறை இருக்கும். 1990-களுக்கு முந்தையது என்றால் பெரும்பாலும் ஈயம். உறையை முழுவதும் எடுத்து, எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் பாட்டிலின் வாயை நன்றாகத் துடைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

அம்பாசமுத்திரம் வாசகிக்கு ஒரு வார்த்தை கூட. அளந்து முடித்த அந்தக் காலி பாட்டிலின் லேபிளைக் கிழித்து, மூடியை நசுக்கிவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போடுங்கள். வெளிநாட்டுக் காலி பாட்டில் முழுசாக வெளியே போனால், அதில் எதையாவது நிரப்பி விற்க ஆள் இருக்கிறார்கள்.