சம்பளம் மட்டும் பார்க்காதீர்கள், மிச்சத்தைப் பாருங்கள்

கேள்வி: சின்ன ஊரில் ஓரளவு சம்பளத்தில் இருக்கிறேன். பெரிய நகரத்தில் அதிகச் சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. ஆனால் அங்கே செலவும் அதிகம் என்கிறார்கள். போனால் உண்மையிலேயே சீக்கிரம் பணம் சேருமா, இல்லை எல்லாம் வாடகையிலேயே போய்விடுமா?

பதில்:

போனவர்களில் பலருக்கு வாடகையிலேயே போகத்தான் செய்கிறது. நான் ஏழு வருடம் போய் இருந்துவிட்டுத் திரும்பியவன். முதல் வருடம் எனக்கும் அப்படித்தான் போனது.

கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். எண்களை வெறும் எண்களாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காசில் மாற்றிப் பார்ப்பது எளிது. எல்லாமே வருடக் கணக்கு, வரியும் பிடித்தமும் போகக் கைக்கு வருவது.

சின்ன ஊரில் வரவு 60, செலவு 45, மிச்சம் 15. நகரத்தில் வரவு 100. அங்கே கூட வேலை பார்ப்பவர்கள் வாழ்கிற மாதிரியே வாழ்ந்தால் செலவு 80, மிச்சம் 20. சதவீதமாகப் பார்த்தால் நகரத்துக்காரன் தோற்றுவிட்டான்: ஊரில் நாலில் ஒரு பங்கு சேர்கிறது, நகரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். நிறையப் பேர் இந்த இடத்திலேயே "லாபமில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால் சேர்த்த பணத்தை எந்த ஊரில் செலவழிக்கப் போகிறோம் என்பதை இந்தச் சதவீதம் சொல்வதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. வாடகையை இன்னொரு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

வேலைக்குப் போகாமலே சேமிப்பில் வாழ எவ்வளவு சேர்ந்தால் போதும் என்பதற்கு ஒரு புழக்கத்தில் உள்ள அளவு, வருடச் செலவைப் போல 25 மடங்கு. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் அந்த நாட்டுப் பழைய சந்தைக் கணக்குகளை வைத்துப் பார்த்துச் சொன்னதிலிருந்து வந்தது இது. முதல் வருடம் மொத்தத்தில் 4 சதவீதம், அதாவது 25-ல் ஒரு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருடமாவது தாங்கியது என்பது அவர் கண்டது. எல்லா நாட்டுச் சந்தைக்கும் அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவுகோலின்படி சின்ன ஊரில் வாழ 45-ன் 25 மடங்கு, அதாவது 1125 வேண்டும். முதலீட்டில் போட்ட சேமிப்பு விலைவாசி போக வருடம் 5 சதவீதம் வளரும் என்று வைத்தால், வருடம் 15 சேர்ப்பவர் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 32 வருடம் ஆகும். நகரத்தில் 20 சேர்த்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவருக்கு 27 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். அதே 20-ஐச் சேர்த்து, கடைசிவரை நகரத்திலேயே 80 செலவில் வாழ நினைப்பவருக்கு இலக்கே 2000 ஆகிவிடுகிறது, காலமும் 37 வருடமாக நீள்கிறது. சம்பளமும் ஒன்று, சேமிப்பும் ஒன்று. பின்னாளில் எங்கே இருக்கப்போகிறார்கள் என்பதில் மட்டும் ஒன்பது வருடத்துக்கு மேல் வித்தியாசம்.

இப்போது அதே நகரத்தில் 50-இல் வாழ்ந்தால்? மிச்சம் 50. ஊருக்கான இலக்கை 15 வருடத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டுவிடலாம்.

80-ஐ 50 ஆக்குவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். இதில்தான் நான் சறுக்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் சக ஊழியர்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தனி வீடு எடுத்திருந்தார்கள், வாடகை மட்டும் 36. நான் புத்திசாலித்தனம் என்று நினைத்து நகரத்தின் ஓரத்துக்குப் போனேன். வாடகை 20. பதினாறு மிச்சம் என்று பெருமையாக இருந்தது. போக வரக் கட்டணம் 3 கூடியது, அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பார்க்காதது வேறு. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் கூடுதல், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். இரவு வீடு திரும்பும்போது அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பு இருக்காது, வெளியில் வாங்கிச் சாப்பிடுவேன். தாமதமானால் வாடகை வண்டி. சனிக்கிழமை தூங்கியே தீரும், துணி துவைக்கவும் ஆள் வைத்தேன். இப்படிக் களைப்புக்குக் கொடுத்த விலை வருடத்துக்கு 5. ஆக 20 என்று நினைத்த வீட்டின் உண்மைச் செலவு 28. வருடத்தில் 230 வேலை நாள் என்றால் கூடுதலாக 345 மணி நேரம் பயணத்தில் போயிருக்கிறது. எட்டு மணி நேர வேலை நாளாக எண்ணினால் 43 நாள். முழுதாக இரண்டு மாதத்து வேலை.

இரண்டாம் வருடம் இன்னும் மூன்று பேரோடு அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு வீட்டில் பங்குக்குச் சேர்ந்தேன். என் அறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர், கையை நீட்டினால் தொடலாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நடக்க முடியும். என் பங்கு 18. முந்தைய வீட்டின் உண்மைச் செலவைவிட 10 குறைவு, மாலை ஆறரைக்கு வீட்டில் இருப்பேன், சமைக்கவும் முடிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: செலவைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் இடத்தின் அளவைக் குறையுங்கள், தூரத்தைக் கூட்டாதீர்கள். நகரத்தில் விலை ஏறிக் கிடப்பது நிலத்துக்கு. அதை நான்கு பேர் பங்கு போடலாம். பயண நேரத்தை யாரோடு பங்கு போடுவது?

வாடகை போக மற்றச் செலவு சக ஊழியர்களுக்கு 44 ஆனது, எனக்கு 32-இல் முடிந்தது. அதில் பெரும் பங்கு சொந்த வண்டி வைத்துக்கொள்ளாததால் வந்தது. இது நகரத்தில் மட்டும் கிடைக்கிற சலுகை. சின்ன ஊரில் பஸ் இல்லாமல் வண்டி வாங்கியே ஆக வேண்டியவர்கள் நகரத்தில் அந்தச் செலவை மொத்தமாக விட்டுவிடலாம். ஆனால் வேலை கிடைத்ததும் பலர் முதலில் கடனில் வாங்குவதே வண்டிதான். கைபேசி, துணி, கணினி, விமான டிக்கெட் எல்லாம் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே விலை, நகரச் சம்பளத்துக்கு இவை மலிவாகத் தெரியும். அந்த மலிவு கண்ணை மறைத்துவிடும், கவனம்.

பங்கு வீட்டில் ஒரு தொல்லையும் உண்டு. நான்காம் வருடம் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துவிட்டார். ஒப்பந்தம் என் பெயரில் மட்டும் இருந்ததால் வீட்டுக்காரர் என்னிடம்தான் வந்து நின்றார். இரண்டு மாதம் அவர் பங்கை நானே கட்டினேன். முடிந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுகிற வீடாகப் பாருங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு மாதப் பங்கைப் பொதுவில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 15 வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வருடம் 50 வீதம் ஏழு வருடம் சேர்த்தால், அதே 5 சதவீதத்தில் சுமார் 407 வரும். அதோடு நிறுத்திவிட்டு ஊருக்குத் திரும்பி, இனி ஒரு காசும் சேர்க்காமல், 45 செலவுக்கு 45 மட்டும் சம்பாதித்தாலும் அந்த 407 தானாகவே 21 வருடத்தில் 1125-ஐத் தாண்டிவிடும். ஏழும் இருபத்தொன்றும் 28 வருடம். ஊரிலேயே இருந்து 32 வருடம் விடாமல் சேர்ப்பவரைவிட நாலு வருடம் முன்னால். முதலில் போட்ட பணத்துக்கு வளர அதிகக் காலம் கிடைக்கிறது, அதுதான் காரணம். நகரத்துக்குப் போவதென்றால் இருபதுகளிலேயே போவது நல்லது என்று நான் சொல்வதும் இதனால்தான். (5 சதவீதம் வருடம் தவறாமல் வருவதில்லை. சில வருடம் இறங்கும். நான் இரண்டு முறை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.)

முதலாண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டு முன்பணம், தரகு, சாமான் ஏற்றிப்போன செலவு எல்லாம் என் முதல் நாலு மாத மிச்சத்தை விழுங்கின. ஆறாம் மாதத்திலிருந்து மாதக் கடைசியில் கணக்கில் நிற்கும் தொகையைப் பாருங்கள். ஊரில் மாதம் நின்றதைவிட அது இரண்டு மடங்குகூட இல்லையென்றால், வீட்டையோ வண்டியையோ உடனே மாற்றுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் அந்த நகரம் உங்களுக்கு ஒத்துவரவில்லை.

சிலருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. எங்கே இருந்தாலும் ஒரே சம்பளம் தருகிற வேலையில் இருப்பவர்கள் மலிவான ஊரிலேயே இருப்பது மேல். குழந்தை இருந்தால் நாலு பேர் பங்கு வீடு நடக்காது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவும் நகர விலைக்கு ஏறும், 50 என்பது 75 ஆகிவிடும். ஊரில் துணைவருக்கு இருக்கும் வேலையை விட்டுவிட்டு வரவேண்டுமென்றால் அந்த வரவையும் கழித்துப் பாருங்கள். பல வீடுகளில் 100 அங்கேயே 60-க்குக் கீழே போய்விடுகிறது.

திரும்பி வரும்போது நகரச் சம்பளத்தோடு ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று நான் திட்டமிட்டிருந்தேன். இடம் மாறுகிறேன் என்று எழுதிக் கொடுத்ததும் நிறுவனம் சம்பளத்தை 100-லிருந்து 70-க்கு இறக்கியது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. உங்களுக்கு வந்திருக்கும் கடிதத்தில் வேலை செய்யும் இடம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.